ஐந்து சுற்று, ஆறு வரி: ஒளிப்படத்தில் உள்ள நிரலைக் கையால் ஓட்டுதல்

அச்சிட்ட வினாத்தாளிலோ பாடநூலின் பக்கத்திலோ உள்ள ஒரு சி நிரலைக் கைப்பேசியில் ஒளிப்படமாக எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் கணிப்பொறியில் தட்டெழுதாமலேயே, அது திரையில் என்ன அச்சிடும் என்பதை எழுத்துக்கு எழுத்து சரியாகச் சொல்லவேண்டுமானால், இரண்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். முதலாவது, படத்தில் தெரியும் கோடுகளையும் புள்ளிகளையும் சி மொழியின் குறிகளாக ஐயமறப் படித்தெடுப்பது. மனிதர் எழுதிய நிரலைப் பொறியின் கட்டளைகளாக மாற்றித்தரும் மென்பொருளான நிரல்பெயர்ப்பிக்கு இந்தச் சிக்கல் வருவதே இல்லை. விசைப்பலகையில் அழுத்தப்பட்ட ஒவ்வொரு எழுத்தும் அதற்குரிய தனி எண்ணாகவே அதனிடம் போய்ச் சேர்கிறது. இரண்டாவது, படித்தெடுத்த கட்டளைகளை நடக்கவேண்டிய ஒழுங்கில் ஒவ்வொன்றாக நடத்தி, மதிப்பைத் தாங்கும் பெயர்களான மாறிகள் எந்தக் கணத்தில் எந்த மதிப்பைப் பெற்றன என்பதைக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போவது. கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் ‘டிரை ரன்’ என்று பேச்சில் வழங்கும் முறை இதுவே. இதற்கென வரையப்படும் கட்டங்களை இந்த அத்தியாயம் தட அட்டவணை என்று அழைக்கும்.

இந்த இரண்டு வேலைகளும் எங்கெங்கே சறுக்கும் என்பதைக் காட்ட ஒரு சிறிய நிரலே போதும். ஒளிப்படம் சற்றுச் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கிறது, தாளின் மடிப்பு நிழல் ஒன்று நடுவே ஓடுகிறது என்று கொண்டால், அதிலிருந்து படித்தெடுக்கவேண்டிய நிரல் பின்வருமாறு அமையும்.

```c
#include <stdio.h>

int main(void)
{
    int n = 27, k = 0, l = 1;

    while (n > 0) {
        if (n % 2 && l++ < 3)
            k += l;
        n /= 2;
        printf("%d %d %d\n", n, k, l);
    }
    printf("%d", k + l);
    return 0;
}
```

இதைப் படிப்பவரை முதலில் தடுத்து நிறுத்துவது `l` என்ற சிறிய எழுத்தும் `1` என்ற எண்ணும் ஒன்றுபோலத் தோன்றுவதுதான். அச்சில் இரண்டும் நின்ற கோடுகளாகவே தெரியும். படம் கொஞ்சம் மங்கினாலும் வேறுபாடு முற்றிலும் கரைந்துவிடும். ஆனால் சி மொழியின் இலக்கணமே இதில் பாதி ஐயத்தைத் தீர்த்துவைக்கிறது. மாறியின் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது என்பதால், அறிவிப்பு வரியில் சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ளது எழுத்தாகத்தான் இருக்கமுடியும். அதேபோல `++` என்பது ஒரு மாறியின் மதிப்பை ஒன்று கூட்டி அதே மாறியில் திரும்ப வைக்கும் குறி. ஒன்று என்ற எண்ணில் எதையும் திரும்ப வைக்கமுடியாது என்பதால், `1++` என்று எழுதினால் நிரல்பெயர்ப்பி அதை ஏற்காது, ஆகவே அங்கேயும் எழுத்தே நிற்கிறது. சிக்கல் `k += l` என்ற வரியிலும், மடக்குக்குள் உள்ள `printf` வரியின் கடைசி `l` இலும், `k + l` என்ற கோவையிலும்தான் மிஞ்சுகிறது. அங்கே எழுத்தும் பொருந்தும், எண்ணும் பொருந்தும், இரண்டும் பிழையின்றி ஓடும், ஆனால் இரண்டும் வெவ்வேறு விடை தரும்.

அந்த மூன்று இடங்களில் இலக்கணம் கைவிட்டுவிடுவதால், அச்சின் வடிவத்தைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. அறிவிப்பு வரியின் இறுதியில் `l = 1` என்று இரண்டும் அருகருகே நிற்பது இந்த இடத்தில் பெரிய உதவி, ஏனெனில் ஐயத்துக்கு இடமில்லாத இரண்டு மாதிரிகளை அதே படமே வழங்குகிறது. நிரல்களை அச்சிடப் பெரிதும் பயன்படும் கூரியர் எழுத்துருவில் எண்ணின் தலையில் உள்ள சிறு கோடு இடப்பக்கமாகக் கீழ்நோக்கிச் சரியும். எழுத்தின் தலையில் உள்ள கோடு கிடையாக நிற்கும். படத்தைப் பெரிதாக்கி, ஐயமான இடத்தை இந்த இரண்டு மாதிரிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போவது நல்லது. மேலே தரப்பட்ட நிரலில் மூன்று இடங்களிலும் எழுத்தே உள்ளது.

இரண்டாவது சறுக்கல், வரிகளின் உள்தள்ளலை நம்புவது. படம் சாய்ந்திருக்கும்போது மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையிலான ஓர வேறுபாடு கண்ணை ஏமாற்றும். `n /= 2;` என்ற வரி அதற்கு மேலுள்ள `k += l;` என்ற வரிக்கு நேர்கீழே நிற்பதுபோலவும், இரண்டுமே `if` நிபந்தனைக்கு உட்பட்டவைபோலவும் தோன்றிவிடும். சி மொழி வெற்றிடத்தைப் பொருட்படுத்துவதில்லை. நெளிவடைப்புக் குறிகள் இல்லாதபோது `if` தன்னையடுத்து வரும் ஒரே ஒரு கட்டளையை மட்டுமே ஆளும். எனவே படத்தில் தேடவேண்டியது அடைப்புக் குறிகளையே தவிர ஓரத்தை அன்று. இந்த நிரலில் `if` வரியின் முடிவில் அடைப்பு ஏதும் திறக்கவில்லை. `n /= 2;` நிபந்தனைக்கு வெளியேதான் உள்ளது.

நிரலைக் கையால் வேறொரு தாளில் எழுதிக்கொண்ட பின் அட்டவணை தொடங்குகிறது. பலரும் மாறிக்கு ஒரு பத்தி என்று மூன்று பத்திகள் வரைந்துவிட்டு மதிப்புகளை மேலிருந்து கீழாக அடுக்கிக்கொண்டே போவதுண்டு. எளிய நிரலுக்கு அது போதும், இந்த நிரலுக்குப் போதாது. மாறிகள் மாறும் ஒழுங்குதான் இங்கே விடையைத் தீர்மானிக்கிறது என்பதால், நிபந்தனையின் இரண்டு பாதிகளுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும், அச்சாகும் வரிக்கும் ஒரு பத்தி வேண்டும். ஒரு கணத்தில் ஒரு பாதி கணக்கிடப்படவே இல்லையென்றால், அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு இடப்படவேண்டும்; கணக்கிடப்பட்டுப் பொய்யானதும் கணக்கிடப்படாமல் விடப்பட்டதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள், அந்த வேறுபாட்டில்தான் இந்த நிரலின் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது.

அதை விளங்கிக்கொள்ள `n % 2 && l++ < 3` என்ற கோவையைச் சற்றுப் பொறுமையாகப் பிரிக்கவேண்டும். `%` என்பது வகுத்தபின் நிற்கும் மீதியைத் தரும். ஒற்றை எண்ணை இரண்டால் வகுத்தால் மீதி 1, இரட்டை எண்ணை வகுத்தால் 0. சி மொழி நிபந்தனைகளில் சுழியைப் பொய்யாகவும் சுழியல்லாத எதையும் மெய்யாகவும் கொள்வதால், `n % 2` என்று மட்டும் எழுதினாலே ‘`n` ஒற்றை எண்ணா’ என்ற கேள்வியாகிவிடுகிறது. `l++` என்பது பின்னொட்டு மிகுப்பு, அதாவது கோவைக்குத் தன் பழைய மதிப்பைக் கொடுத்துவிட்டு மாறியில் ஒன்றைக் கூட்டிவைப்பது. `l` 1 ஆக இருந்தால் ஒப்பீட்டில் நிற்பது 1, ஒப்பீடு முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது `l` 2 ஆகிவிட்டிருக்கும். இவை இரண்டையும் இணைக்கும் `&&` ‘இதுவும் அதுவும் மெய்யா’ என்று கேட்கிறது. ஆனால் இடப்பக்கம் பொய் என்று தெரிந்த அந்த இடத்திலேயே விடை தெரிந்துவிடுவதால், வலப்பக்கத்தைத் தொடுவதே இல்லை. இது நிரல்பெயர்ப்பி தன் விருப்பப்படி செய்யும் சிக்கனம் என்று எண்ணிவிடக் கூடாது. மொழியின் தரவரையறை கட்டாயமாக்கியிருக்கும் நடத்தை இது.

கையால் ஓட்டுபவர்கள் இந்த இடத்தில் ஒரு தவறான தருக்கத்துக்கு ஆட்படுவதுண்டு. முன்னுரிமைப் பட்டியலில் `++` மிக மேலேயும் `&&` மிகக் கீழேயும் இருப்பதால், எல்லாவற்றுக்கும் முன்னதாக `l++` நடந்துவிடும் என்று அவர்கள் கொள்கிறார்கள். முன்னுரிமை என்பது எந்தக் குறி எந்த உறுப்புகளைச் சேர்த்துப் பிடிக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அதன்படி இக்கோவை `(n % 2) && ((l++) < 3)` என்று அடைப்பிடப்படுகிறது, அவ்வளவே. எது முதலில் நடக்கும் என்பது வேறு கேள்வி. அதற்கு `&&` தரும் விடை, இடப்பக்கம் முழுவதும் முடிந்த பிறகுதான் வலப்பக்கம் என்பது.

இனி சுற்றுகள். தொடக்கத்தில் `n` 27, `k` 0, `l` 1. முதல் சுற்றில் 27 ஒற்றை என்பதால் வலப்பக்கம் கணக்கிடப்படுகிறது; 1 மூன்றைவிடச் சிறியது என்பது மெய், அந்த ஒப்பீட்டின் பக்கவிளைவாக `l` 2 ஆகிறது. நிபந்தனை முழுவதும் மெய்யானதால் `k` உடன் `l` கூட்டப்படுகிறது, ஆனால் கூட்டப்படுவது ஒப்பீட்டில் நின்ற பழைய 1 அன்று, இப்போதுள்ள 2. `k` 2 ஆகிறது. பிறகு `n /= 2` வருகிறது. முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது சி மொழி பின்னப் பகுதியை வெட்டியெறிந்து ஈவை மட்டும் வைத்துக்கொள்வதால், 27-இன் பாதி 13 ஆகிறது. அச்சுக் கட்டளை இதற்குப் பின்னால் நிற்பதைக் கவனிக்கவேண்டும்: திரையில் முதலாவதாக வரும் எண் 13, தொடக்க மதிப்பான 27 வெளியீட்டில் எங்குமே தோன்றுவதில்லை.

இரண்டாம் சுற்றில் 13 ஒற்றை, 2 மூன்றைவிடச் சிறியது, `l` 3 ஆகிறது, `k` 5 ஆகிறது, `n` 6 ஆகிறது. மூன்றாம் சுற்றில் 6 இரட்டை எண். இடப்பக்கம் சுழியாகிவிட்டதால் `l++` நடக்கவே இல்லை, `l` முன்பிருந்த 3 ஆகவே நிற்கிறது, `k` உம் மாறவில்லை, `n` மட்டும் 3 ஆகிறது. நான்காம் சுற்று வேறு வகை: 3 ஒற்றை என்பதால் வலப்பக்கம் கணக்கிடப்படுகிறது, 3 மூன்றைவிடச் சிறியதா என்ற ஒப்பீடு பொய்யாகிறது, ஆனாலும் ஒப்பீடு நடந்துவிட்டதால் `l` 4 ஆகிவிடுகிறது. மூன்றாம் சுற்றிலும் நான்காம் சுற்றிலும் நிபந்தனை பொய், இரண்டிலும் `k` தொடப்படவில்லை. இருந்தும் ஒன்றில் `l` நகரவில்லை, மற்றொன்றில் நகர்ந்தது. ஐந்தாம் சுற்றில் `n` 1, ஒற்றை. 4 மூன்றைவிடச் சிறியதன்று, ஆயினும் `l` 5 ஆகிறது. `n` 1-இன் பாதியாகிய 0 ஆகிறது. மடக்கின் நிபந்தனை `n > 0` இனிப் பொய்யாவதால் கட்டுப்பாடு வெளியேறுகிறது.

| சுற்று | `n` நுழைகையில் | `n % 2` | `l++ < 3` | `l` | `k` | `n` வகுத்தபின் | அச்சாகும் வரி |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 27 | 1 | 1 < 3 மெய் | 2 | 2 | 13 | `13 2 2` |
| 2 | 13 | 1 | 2 < 3 மெய் | 3 | 5 | 6 | `6 5 3` |
| 3 | 6 | 0 | — | 3 | 5 | 3 | `3 5 3` |
| 4 | 3 | 1 | 3 < 3 பொய் | 4 | 5 | 1 | `1 5 4` |
| 5 | 1 | 1 | 4 < 3 பொய் | 5 | 5 | 0 | `0 5 5` |

மடக்குக்குப் பின் உள்ள கடைசி அச்சுக் கட்டளை 5-ஐயும் 5-ஐயும் கூட்டி 10 என்று அச்சிடுகிறது. அந்தக் கட்டளையின் மேற்கோளுக்குள் `\n` இல்லை. `\n` என்பது அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் ஒற்றை எழுத்துக்குறி, மடக்குக்குள் இருந்த கட்டளையில் அது இருந்தது, இதில் இல்லை. ஆகவே 10-க்குப் பின் திரைச்சுட்டி அதே வரியில், சுழியை ஒட்டியே நிற்கும். முழு வெளியீடு இது:

```
13 2 2
6 5 3
3 5 3
1 5 4
0 5 5
10
```

வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து சொல்வது என்றால் கண்ணுக்குத் தெரியாதவற்றையும் எண்ணியாக வேண்டும். முதல் வரியில் நான்கு இலக்கங்கள், இரண்டு இடைவெளிகள், ஒரு வரிமாற்றம் என்று 7 குறிகள்; அடுத்த நான்கு வரிகளிலும் வரிக்கு 6; இறுதியில் 2; ஆக 33. விடைத்தாளில் எண்களெல்லாம் சரியாக இருந்தும் அவற்றுக்கு இடையே காற்புள்ளி இட்டுவிட்டால், அது வேறொரு நிரலின் வெளியீடு. படத்தில் மேற்கோளுக்குள் உள்ள பின்சாய்வுக் கோடு முன்சாய்வாக, அதாவது `/n` என்று படிக்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம்; வரியே மாறாமல், அந்த இரண்டு குறிகளும் எண்களோடு சேர்ந்து அப்படியே அச்சாகும் என்று விடை எழுத நேரும்.

அட்டவணையை நிரப்பி முடித்த கையோடு அதே வழியில் மீண்டும் ஒருமுறை ஓட்டிச் சரிபார்ப்பது அவ்வளவாகப் பயன் தருவதில்லை, ஏனெனில் முதல்முறை நேர்ந்த தவறான புரிதலே இரண்டாம் முறையும் தொடரும். வேறு பக்கத்திலிருந்து வந்து பார்ப்பதே உறுதியான வழி, இந்த நிரல் அதற்கு இடம் கொடுக்கிறது. 27 என்பதை 16, 8, 2, 1 என்று பிரிக்கலாம். அதாவது இரும எண்முறையில் அது 11011. ஓர் எண்ணை இரண்டால் வகுத்து ஈவை மட்டும் வைத்துக்கொள்வது, இரும வடிவத்தின் கடைசி இலக்கத்தை உதிர்ப்பதற்குச் சமம். அப்படி உதிரும் இலக்கம்தான் `n % 2`. ஐந்து இலக்கங்கள் உதிர ஐந்து சுற்றுகள் வேண்டும், அட்டவணையிலும் ஐந்தே வரிகள் உள்ளன. வலமிருந்து மூன்றாம் இலக்கம் மட்டும் சுழி, அட்டவணையின் மூன்றாம் வரியில் மட்டுமே கோடு இடப்பட்டிருக்கிறது. மீதமுள்ள நான்கு இலக்கங்களும் ஒன்று என்பதால் `l++` நான்கு முறை நடந்திருக்கவேண்டும், 1-இல் தொடங்கிய `l` 5-இல்தான் முடியவேண்டும். `k` கூட்டப்படுவது `l` இன் பழைய மதிப்பு 1 ஆகவும் 2 ஆகவும் இருந்த இரண்டு முறை மட்டுமே, கூட்டப்பட்டவை 2-உம் 3-உம், மொத்தம் 5. ஒரு கட்டத்தையும் மறுபடி ஓட்டாமலே இறுதி மதிப்புகள் மூன்றும் உறுதியாகிவிட்டன.

மாறிக்கு ஒரு பத்தி, செயலுக்கு ஒரு வரி என்ற இந்த வடிவம், நிரலை ஓட்டிப்பார்க்கப் பொறியே இல்லாத காலத்தில் பிறந்தது. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்புப் பொறியைப் பற்றி மெனாப்ரியா எழுதிய கட்டுரையை ஏடா லவ்லேஸ் மொழிபெயர்த்து, தம் குறிப்புகளோடு 1843-இல் வெளியிட்டார். அவற்றின் கடைசிக் குறிப்பில், பெர்னூலி எண்களைக் கணக்கிடும் முறையை 25 செயல்களாகப் பிரித்து, ஒவ்வொரு செயலும் எந்த மாறியை எடுத்து எந்த மாறியில் விடையை வைக்கிறது என்று ஒரு பெரிய அட்டவணை தரப்பட்டிருக்கிறது. ஒரே மாறி பலமுறை மதிப்பு மாறுவதைக் காட்ட, மாறியின் பெயருக்கு இடப்பக்க மேல்மூலையில் அது எத்தனையாவது மதிப்பு என்ற சிறு எண்ணை அவர் இட்டிருந்தார். இன்று `l` இன் 3-க்கும் 4-க்கும் இடையே குழம்புபவருக்கு வேண்டியதும் அந்தச் சிறு எண்தான். அச்சில் வந்த அந்த அட்டவணையின் நான்காம் செயலில் ஒரு பிழை உண்டு: நான்காம் மாறியை ஐந்தாம் மாறியால் வகுக்கவேண்டிய இடத்தில், வகுபடுவதும் வகுப்பதும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. அதே வரியின் விடைப் பத்தியில் சரியான பின்னமே இருப்பதால்தான், இது கணக்கின் பிழையன்று, எழுதியதில் நேர்ந்த பிழை என்று கண்டுகொள்ள முடிகிறது. செயலையும் விடையையும் தனித்தனிப் பத்திகளில் வைத்தவர், தம் பிழையைப் பிறர் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்தே வைத்திருந்தார் என்பது போற்றத்தக்க நேர்மை.

ஒளிப்படத்தைத் தவறாகப் படித்திருந்தால் அதை அட்டவணை காட்டிக்கொடுக்குமா என்ற கேள்விக்கு, சில வேளை காட்டிக்கொடுக்கும் என்பதே விடை. உள்தள்ளலை நம்பி `n /= 2;` என்ற வரியை `if` க்குள் சேர்த்துவிட்டவருக்கு மூன்றாம் சுற்றிலேயே தெரிந்துவிடும். `n` 6 ஆகி இரட்டையானதும் வகுத்தல் நின்றுபோய், `6 5 3` என்ற வரியே முடிவின்றி அச்சாகிக்கொண்டிருக்கும். வினாத்தாளில் இடம்பெறும் நிரல் முடிவின்றி ஓடுவதுபோலத் தோன்றினால், படத்தை மீண்டும் பார்க்கவேண்டிய வேளை அது. `k += l` என்பதை `k += 1` என்று படித்தவருக்கோ எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. ஐந்து சுற்றுகளும் ஒழுங்காக முடிந்து, நடுப்பத்தியில் 1, 2, 2, 2, 2 என்று வரும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானவை, தொடக்கத்தில் சரியான விடையையே தந்துவிட்டுப் பிறகு வழி மாறும் பிழைகள். `if` வரியின் முடிவில் தாளில் விழுந்த ஒரு கறையை அரைப்புள்ளி என்று கொண்டால், நிபந்தனை அங்கேயே முடிந்து, `k += l;` எல்லாச் சுற்றிலும் நடக்கும். அப்போதும் முதல் இரண்டு வரிகள் `13 2 2`, `6 5 3` என்றே வரும். மூன்றாவது வரியில்தான் `3 8 3` என்று பிரியும், இறுதி விடை 22 ஆகிவிடும். மடிப்பு நிழலில் `&&` இன் ஒரு பாதி மறைந்து `&` என்று படிக்கப்பட்டாலும் இதே கதைதான். ஒற்றை `&` இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டே தீரும் என்பதால் மூன்றாம் சுற்றிலும் `l` கூடிவிடும். முதல் இரண்டு வரிகள் மாறாமல் நிற்க, மூன்றாவது `3 5 4` ஆகி, இறுதியில் 11 வரும். இந்த இரண்டு குறிகளும் இவ்வளவு நெருக்கமாக அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் இரண்டு வேலைகளையும் ஒற்றை `&` தான் செய்தது. இடத்தைப் பார்த்து நிரல்பெயர்ப்பி பொருள்கொண்டது. சி மொழி உருவானபோது ஆலன் ஸ்னைடரின் பரிந்துரையால் `&&` தனிக்குறியாகப் பிரிக்கப்பட்டதாக, அம்மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிட்சி பதிவுசெய்திருக்கிறார். இரண்டே சுற்று ஓட்டிப்பார்த்துப் போக்குப் பிடிபட்டுவிட்டது என்று மீதியை ஊகிப்பவர், இந்த இரண்டு பிழைகளில் எதையும் காணமுடியாது. இரட்டை எண் ஒன்று வரும்வரை ஓட்டியே ஆகவேண்டும்.

அட்டவணை எவ்வளவு கவனமாக நிரப்பப்பட்டாலும், தாளில் இல்லாத ஒன்று விடையை மாற்றிவிடும் இடங்களும் உண்டு. தொடக்க மதிப்பு 27-க்குப் பதிலாக 40000 என்று இருந்தால், இன்றைய கணிப்பொறிகளில் `int` 32 இருமங்கள் கொண்டது என்பதால் மடக்கு 16 சுற்றுகள் ஓடும். இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் புழங்கிய டர்போ சி-யில் `int` 16 இருமங்களே கொண்டது. அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 32767. அங்கே 40000 சேமிக்கப்படும்போது −25536 ஆகிவிடும், `n > 0` முதலிலேயே பொய்யாகும், மடக்குக்குள் கட்டுப்பாடு நுழையாமலே 0-உம் 1-உம் கூட்டப்பட்டு, `1` என்ற ஒற்றை எழுத்து மட்டும் அச்சாகும். பழைய வினாத்தாளின் படம் என்றால், தாளின் ஆண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டியிருப்பது இதனால்தான்.

மடிப்பு நிழல் விழுந்து, அறிவிப்பு வரியில் `k = 0` என்பதன் `= 0` காணாமல் போயிருந்தால், நிலைமை வேறு. செயற்கூறுக்குள் அறிவிக்கப்படும் சாதாரண மாறிக்குத் தொடக்க மதிப்புத் தராவிட்டால் சி மொழி எதையும் நிரப்பித் தருவதில்லை. ஆகவே `k` இன் முதல் கட்டத்தில் சுழி எழுதுவது வெறும் ஊகம், அங்கே கேள்விக்குறி இடுவதே உண்மை. கடைசி அச்சுக் கட்டளை `printf("%d %d", l++, l);` என்று இருந்திருந்தாலும் அட்டவணை அந்த வரியோடு நிற்கவேண்டியதுதான். ஒரு செயற்கூறுக்கு அனுப்பும் மதிப்புகளில் எது முதலில் கணக்கிடப்படும் என்பதை சி மொழி வரையறுக்கவில்லை. அந்நிலையில் ஒரே மாறியை ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் படித்தால், `5 5`, `5 6` ஆகிய இரண்டையும் வெவ்வேறு நிரல்பெயர்ப்பிகள் தரக்கூடும், இரண்டில் எதற்கும் மொழியின் உத்தரவாதம் இல்லை. அத்தகைய வினாவுக்கு நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது, விடைப்பட்டியலில் ‘வரையறுக்கப்படாதது’ என்று ஒன்று இருந்தால் அதுவே சரியானது. இல்லையென்றால் வினாவே பிழையானது.